மாமி பார்த்த மண்டபம்

எங்கள் கல்யாணத்துக்கு மாமி மண்டபம் பார்த்து அட்வான்ஸும் கட்டிவிட்டார் என்பது எனக்குச் சுதனின் வாட்ஸ்அப் குரல் பதிவில்தான் தெரியவந்தது. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். "நிலாவெளியில ஹோட்டல், கடற்கரையோட. அம்மாக்கு நல்லாப் பிடிச்சிப்போச்சு. நீ ஒருக்கா வந்து பார். பிடிக்காட்டி நீயே அம்மாட்ட சொல்லு, என்னால ஏலாது." முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை. வங்கியில் லோன் கேட்டு வருகிறவர்களுக்கு நாள் முழுக்க "இல்லை" சொல்வதுதான் தொழில். அம்மாவிடம் மட்டும் வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமை தம்பலகாமத்திலிருந்து பஸ் ஏறினேன். திருகோணமலை ரவுனில் இறங்கினால் மாமி ஓட்டோவோடு நிற்கிறார், கையில் ஒரு பை நிறைய கொய்யாப்பழம். வழி முழுக்க எனக்கு ஒன்று, ஓட்டோக்காரருக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டே வந்தார். உப்புவெளி தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. இடப்பக்கம் பனைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை, என் வாய்க்குள் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹோட்டல் நல்ல ஹோட்டல்தான், பொய் சொல்லக்கூடாது. புல்தரை நேரே மணலில் போய் முடிகிறது, அதற்கப்பால் கடல், இந்த மாதங்களில் குளம் மாதிரிக் கிடக்கும் கடல். மணவறையை எங்கே வைப்பது, மேளகாரர் எங்கே இருப்பது என்று மனேஜர் தம்பி நடந்து நடந்து காட்டினான். முந்நூறு பேர். தலைக்கு இவ்வளவு. வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது.

"தயிருமா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் ஏலாது மிஸ்."

அப்பா நெல் குடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் கிண்ணியா நானா ஒருவர் இருக்கிறார். என் அக்காவின் கல்யாணத்துக்கு நாற்பது சட்டித் தயிர் லொறியில் ஏற்றி அனுப்பினவர். எனக்கு அறுபது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். அந்த அறுபது சட்டியும் கேற்றில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, வயிறும் கலங்கியது.

தயிர் மட்டும் என்றால் விட்டிருப்பேன். நாள் வைத்திருப்பது ஆவணியில். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் விளைந்து வெட்டுக்கு நிற்கிற நேரம். வெட்டு மெசின் எந்த வயலுக்கு எந்த நாள் வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் விட்டுவிட்டு வரவும் ஏலாது. எங்கள் வளவில் பந்தல் போட்டால் சனம் வயலில் இருந்து வந்து, கால் கழுவி, தாலிகட்டைப் பார்த்து, சாப்பிட்டு, திரும்ப வயலுக்குப் போகும். நிலாவெளிக்கு வருவதென்றால் ஒன்பது மணி முகூர்த்தத்துக்கு விடிய ஐந்துக்கே பஸ் பிடிக்கவேண்டும். வரமாட்டார்கள். வராததை ஒரு குறையாகவும் சொல்லமாட்டார்கள், அதுதான் இன்னும் மோசம். அப்புறம் முந்நூறு என்ற கணக்கு. எங்கள் தெருவையும் கோயிலடியையும் எண்ணினாலே அது முடிந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாமி முந்திக்கொண்டு, "இஞ்ச வாங்க பிள்ளை" என்று வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெறும் வளவு. நாலைந்து பனை, இடிந்த கட்டோடு ஒரு கிணறு, கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஆலங்கன்று.

"இது எங்கட வளவு. இந்தக் கிணத்தடியிலதான் எனக்குப் பந்தல் போடுறதெண்டு அப்பா சொன்னவர். தொண்ணூறு ஆவணியில நாள். ஆனியில சண்டை தொடங்கிட்டு. ஓடினதுதான்."

ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது, குறித்த நாள் தவறக்கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, ஒரு வகுப்பறையில் தாலி கட்டினார்களாம். பொன் இல்லை, மஞ்சள் துண்டு கட்டின நூல். மேளம் இல்லை, சத்தம் போடவே பயம். வாசலில் கட்ட வாழையும் இல்லை என்று மாமியின் தம்பி, அப்போது பத்து வயது, கரும்பலகையில் வெண்கட்டியால் இரண்டு வாழைமரம் கீறி வைத்தானாம்.

"குலையும் கீறினவன். அடுத்த நாள் ஆரோ அழிச்சிட்டாங்க, பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்க."

அதைச் சொல்லி மாமி சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுமே உதவாது என்று தெரிந்தது. பேசாமல் சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிசம் யோசித்தேன். சொல்லியிருந்தால் ஆவணி முழுக்க அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

"மாமி, நான் ஒண்டு சொன்னா கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"தாலிகட்டு எங்கட வளவிலயே நடக்கட்டும். இந்த இடம் பிடிக்கேல்லை எண்டில்லை. ஆனா எங்கட சனம் இஞ்ச வராது, வெட்டுக் காலம். நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க என்னைத் தூக்கினவங்க ஒருத்தரும் இல்லாம மணவறையில இருக்க எனக்கு ஏலாது."

மாமி ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த கொய்யாவை முந்தானையில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"நீங்க பார்த்த இடத்தையும் விடவேண்டாம்," என்றேன். தொண்டை அடைத்தது, ஆனாலும் நிற்பாட்டவில்லை. "அடுத்த நாள் ரிசெப்ஷனை இஞ்ச வைப்பம். அது உங்கட பக்கத்து விசேசம். கனடாவிலயிருந்து வாற ஆக்களுக்கும் இதுதான் வசதி. நான் கூறை உடுத்தே வாறன். இந்த வேலியோரமாத்தான் கதிரை போடவேணும், கிணறு தெரியிற மாதிரி."

"அட்வான்ஸ் அம்பதாயிரம் கட்டினனான்."

"நாளை மாத்தத் தருவாங்களோ எண்டு கேட்டுப் பார்ப்பம்."

"நான் கேக்கிறன்," என்று சொல்லி மாமி நடந்தார்.

கோபமா, கவலையா என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது? நான் பின்னால் போய்ச் சேர்வதற்குள் மனேஜர் தம்பி மேசையில் கல்குலேட்டரோடு வியர்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் பின்னுக்குத் தள்ளவேண்டும், முந்நூறு அல்ல நூற்றைம்பது, தலைக்குச் சொன்ன விலையில் குறைக்கவேண்டும், கடற்கரை ஹோட்டலில் மத்தியான வெயிலில் யார் இருப்பது, பின்னேரம் தா. அவன் "மெடம், மெடம்" என்று மட்டும் சொன்னான். கடைசியில் தயிர் விசயத்திலும் கொஞ்சம் இறங்கினான், பத்துச் சட்டி வரைக்கும்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் மாமி வெளியே பார்த்தபடியே இருந்தார். சாம்பல்தீவுப் பாலம் தாண்டியபிறகுதான் வாய் திறந்தார்.

"அப்பாட்ட சொல்லுங்க. பந்தல் வாசலில ரெண்டு பக்கமும் வாழை வேணும். குலையோட. சின்னக் குலை எண்டா நான் உள்ளுக்கு வரமாட்டன்."

"கதலியா மாமி, இதரையா?"

"எதெண்டாலும்," என்று சொல்லி, மீதி இருந்த கொய்யாவை என் மடியில் கொட்டினார். "இதைத் தின்னுங்க, அங்க ஒண்டும் சாப்பிடேல்லை."

சுதனிடமிருந்து ஏழு மிஸ்ட் கோல். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பயந்துகொண்டே இருக்கட்டும்.