பிணை நின்ற மிட்வைஃப் அக்காவுக்கு

கொக்கட்டிச்சோலை
2025 ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

கடன் முடிந்துவிட்டது. ஜூலை 28ஆம் திகதி, திங்கட்கிழமை, கடைசித் தவணையைக் கட்டினேன். காசாளர் பற்றுச்சீட்டில் முத்திரை குத்தித் தந்ததும் உங்களுக்குத்தான் முதலில் ஃபோன் எடுக்க நினைத்தேன். வங்கி வாசலில் நின்று எடுத்திருந்தால் அழுதிருப்பேன், கதை வந்திராது. அதனால்தான் எழுதுகிறேன். ஃபோனில் "அதுக்கென்ன புள்ள" என்று நீங்கள் பாதியிலேயே நிறுத்திவிடுவீர்கள். கடிதத்தை அப்படி நிறுத்த முடியாது.

முதலில் உங்களுக்கு வேண்டிய விடயம். கடன் முழுவதும் தீர்ந்தது, பிணையாளிகள் இருவரும் விடுவிக்கப்பட்டார்கள் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன். உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். அதன் பிரதி இந்தக் கடிதத்தோடு இருக்கிறது, பத்திரமாக வையுங்கள். கடன் தகவல் பணியகத்தில், அதுதான் கிரிப் என்கிறார்களே, அங்கும் உங்கள் பெயரில் நிற்கிற இந்தப் பிணை மூடப்பட வேண்டும். ஒன்றிரண்டு மாதம் கழித்து உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இன்னும் திறந்த கணக்காகக் காட்டினால் எனக்குச் சொல்லுங்கள். அதைச் சரிப்படுத்துகிற அலைச்சல் என்னுடையது, உங்களுடையது அல்ல.

இனி நான் சொல்ல வந்தது.

2019 கடைசியில் மில் போட ஐந்து இலட்சம் கேட்டு வங்கிக்குப் போனபோது, அரச உத்தியோகத்தில் இருக்கிற இரண்டு பேரின் பிணை வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும் என்றார்கள். அத்தான் ஒருவர், ஆசிரியர். அவர் வைத்த கையெழுத்து என் சொந்த அக்காவுக்காக வைத்தது, குடும்பத்துக்குள் அது நடக்கும். இரண்டாவது ஆளைத் தேடி ஒன்றரை மாதம் அலைந்தேன். ஐந்து வீடு ஏறினேன். ஒருவரும் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்து, தங்கள் கஷ்டத்தைச் சொல்லி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரையும் நான் இன்றைக்கும் குறை நினைப்பதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

நானும் ஒரு காலம் பிணை நின்றவள். 2017இல் எங்கள் தெருவில் எடுத்த குழுக்கடனில் நாங்கள் ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு. ஒருத்தி இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனாள். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்றவர்களுக்கு அவளுடைய பங்கையும் சேர்த்துக் கட்டினோம். என் தோட்டை அடகு வைத்தேன். அது மீளவே இல்லை. போனது காசு மட்டுமென்றால் மறந்திருப்பேன். அவள் தாயைக் கோயிலில் கண்டால் நான் வேறு பக்கம் பார்த்த நாட்கள் இருக்கின்றன. இன்னொருவருடைய கடனுக்குப் பெயர் கொடுத்தால் என்னவெல்லாம் போகும் என்று தெரிந்துகொண்டுதான் உங்களிடம் வந்தேன். அதனால் உங்கள் வாசலில் வாய் திறக்கவே முடியவில்லை. மகனின் கிளினிக் அட்டையைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தேன்.

நீங்கள்தான் பிடித்து இருத்தி, "வந்த விசயத்தச் சொல்லு" என்றீர்கள்.

சொன்னேன். நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மில் ஓடாவிட்டால் எதை வைத்துக் கட்டுவாய் என்று. இவருடைய வயல் வேலைக் கூலியையும் பசுக்கள் இரண்டையும் சொன்னேன். நீங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "தோட்ட அடகு வச்சி ஊரான் கடனக் கட்டினவள் நீ. உன் கடனக் கட்டாம விடுவியா?" யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு நான் மறைத்து வைத்திருந்த கதை அது. அதையே என் நாணயத்துக்குச் சாட்சியாக நீங்கள் எடுத்தீர்கள். அன்றைக்கு நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று இப்போதும் ஞாபகம் இல்லை.

அந்தப் பிணை முறியை நான் அன்று ஒழுங்காக வாசிக்கவில்லை. காட்டிய இடத்தில் எல்லோரும் கையெழுத்து வைத்தோம். போன கிழமைதான் வங்கியில் கேட்டு நிதானமாக வாசித்தேன். "முதலில் கடன் வாங்கியவரிடம் வசூலித்துப் பாருங்கள், முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்லும் உரிமையைப் பிணையாளி விட்டுக்கொடுக்கிறார் என்று அதில் இருக்கிறது. நான் ஒரு தவணை தவறினால் வங்கி நேரே உங்கள் சம்பளத்தைத் தேடி வரலாம். ஐந்தரை வருடம் நீங்கள் அந்த வரிக்குக் கீழே கையெழுத்தோடு இருந்திருக்கிறீர்கள். அன்று இதை வாசித்தீர்களா என்று கேட்க மாட்டேன். உங்களைத் தெரியும், வாசித்திருப்பீர்கள்.

2022 நடந்ததை எழுதாமல் விட முடியாது. அதுவரைக்கும் மாதம் 11,634 ரூபா, தவணை நாளுக்கு இரண்டு நாள் முன்னமே கட்டிக்கொண்டு வந்தேன். கொரோனாவுக்குக் கொடுத்த ஆறு மாதச் சலுகையிலும் அதற்கான வட்டியைத் தனியாகச் சேர்த்து வைத்தேன். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் நின்றதே, அங்கேதான் உடைந்தேன். சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் இரண்டு கிழமைதான் எங்களுக்கு அறுவடை மாதிரி. பலகாரத்துக்கு மா, மிளகாய், மல்லி என்று சனம் வரிசையில் நிற்கும். அந்த வருடம் ஊறவைத்த அரிசி கறண்டைப் பார்த்துப் பார்த்துப் புளித்தது. மூன்று பேருக்குச் சொந்த அரிசியில் மா இடித்துக் கொடுத்தேன். ஏப்ரல், மே இரண்டு தவணையும் தவறியது. அந்த ஏப்ரலில்தான் மத்திய வங்கி ஒரே நாளில் 7 வீதம் வட்டியைக் கூட்டியது. என் கடன் நிலையான வட்டி என்பதால் தவணை ஏறவில்லை, அது ஒன்றுதான் கடவுள் புண்ணியம்.

ஜூன் மாதம் ஒரு காலை நீங்கள் சைக்கிளில் வந்தீர்கள். பெற்றோல் இல்லாமல் ஸ்கூட்டி வீட்டில் கிடந்த நேரம். செட்டிபாளையத்தில் இருந்து மண்முனைப் பாலம் தாண்டி அந்த வெயிலில். தூரத்தில் கண்டதும் நான் மில்லுக்குள் போய் நின்றேன். உங்களுக்கு வங்கிக் கடிதம் வந்திருக்கும் என்று விளங்கிவிட்டது. 2017இல் எங்களை விட்டுப் போனவளின் முகம்தான் மனதில் வந்தது. இப்போது அவள் இடத்தில் நான்.

நீங்கள் கேட்டது தண்ணீர். குடித்து முடித்துக் கடிதத்தை மேசையில் வைத்து, "எனக்கு வந்திருக்கு, உனக்கும் வந்திருக்கும். ஒளிச்சுத் திரியாத. நாளைக்கு வங்கிக்குப் போவம், நானும் வாறன்" என்றீர்கள். பிறகு என் கணக்குக் கொப்பியை எடுத்து, கறண்ட் நிற்கிற நேர அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். குழந்தையின் நிறை ஏறவில்லை என்றால் வளர்ச்சி அட்டையை எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படி. யாரையும் குறை சொல்லாமல், எங்கே இறங்கியது என்று மட்டும் தேடி. கறண்ட் நிற்காத நேரத்துக்கு மில்லைத் திற என்று சொன்னது நீங்கள்தான். அடுத்த நாளில் இருந்து விடிய நான்கு மணிக்குத் திறந்தேன். சனமும் பழகிவிட்டது, இரவே சாக்கைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்கள். வங்கியில் நிலுவையை மூன்று மாதத்தில் கட்ட விட்டார்கள். நான் தனியாகப் போயிருந்தால் அந்தக் கதிரையில் இருந்து ஒரு சொல் பேசியிருக்க மாட்டேன்.

ஓகஸ்டில் மின்கட்டணம் 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் திரும்பவும் 66 வீதம். கிலோவுக்கு அரைகூலியைக் கூட்ட வேண்டி வந்தது. சனம் முணுமுணுத்தது, ஆனாலும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு தவணையும் பிந்தவில்லை. மாதத்தில் முதல் வருகிற காசு மில் தகரப் பெட்டியில் ஒரு கடித உறைக்குள் போகும். அந்த உறையில் வங்கியின் பெயரை நான் எழுதவில்லை அக்கா. "மிட்வைஃப் அக்கா" என்றுதான் எழுதியிருந்தேன். மகளுக்கு ஒரு தரம் சுற்றுலாவுக்குக் காசு தேவைப்பட்டபோது, அவள் அந்த உறையைப் பார்த்துவிட்டு, "அது அக்காவுடையது" என்று கைவைக்கவே இல்லை.

அந்த மகளை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2011 தை வெள்ளத்தில் எட்டு மாத வயிற்றோடு நான் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, தோணியில் வந்து தேடிப் பிடித்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தது நீங்கள். அப்போது மண்முனையில் பாலமும் இல்லை, பாதைப் படகில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். இப்போது அவளுக்குப் பதினான்கு. மில் கணக்கை அவள்தான் எழுதுகிறாள்.

இன்னொன்று. இதை நான் அறிந்தது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் உங்கள் தங்கச்சி பேச்சுவாக்கில் சொன்னார். வீட்டுக் கூரைக்கு நீங்கள் 2023இல் கடன் கேட்டபோது, எனக்கு நின்ற பிணையையும் உங்கள் பொறுப்பில் சேர்த்துக் கணக்குப் பார்த்து, கேட்ட தொகையைக் குறைத்துத் தந்தார்களாம். பின் அறைக்கு இன்னும் தகரம்தானாம். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை தரம் உங்களைச் சந்தித்தேன்! ஒரு தரமாவது சொல்லவில்லை. கையெழுத்து வைத்தது ஒரு நாள் வேலை என்று நினைத்திருந்தேன். நீங்கள் அதை ஒவ்வொரு மழைக்கும் தாங்கியிருக்கிறீர்கள். இதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், நன்றி, இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிற மகனிடம் ஐந்து கிலோ சிவப்பரிசி மாவும் இரண்டு கிலோ மிளகாய்த்தூளும் தந்து விட்டிருக்கிறேன். மிளகாய் நானே காம்பு கிள்ளி வெயிலில் காயவைத்தது. இது கடனுக்குக் கணக்கு அல்ல, திருப்பி அனுப்பாதீர்கள். அடுத்த கடன் எடுத்தால் வீட்டு உறுதியை வைத்தே எடுப்பேன், இனி உங்கள் பெயரைக் கேட்டு வரமாட்டேன். ஆனால் நீங்கள் பின் அறைக்கு ஓடு போடுகிற நாளை எனக்குக் கட்டாயம் சொல்லுங்கள். இவரும் தம்பியும் ஓடு ஏற்ற வருவார்கள், சமையல் என் பொறுப்பு.

ஆவணியில் தான்தோன்றீஸ்வரர் தேருக்கு வருவீர்கள்தானே. முதலில் மில்லுக்கு வாருங்கள். அந்த உறை இன்னும் பெட்டியில் வெறுமையாக இருக்கிறது, கிழிக்க மனம் வரவில்லை. உங்கள் கையில் தர வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தங்கச்சி
சாந்தி