இரண்டாம் காலாண்டு நிதி அறிக்கை: திட்டத்துக்கும் நடப்புக்கும் இடையிலான வேறுபாடுகள், அவற்றின் காரணங்கள்

துறைத் தலைவர்கள், இயக்குநர்கள் கவனத்துக்கு

இந்தக் காலாண்டில் 30 லட்சம் லாபம் வரும் என்று திட்டமிட்டிருந்தோம். வந்தது 16.08 லட்சம். 13.92 லட்சம் குறைவு. அந்தப் பணம் எங்கே, எதனால் போனது என்பதை விளக்குவதுதான் இந்தப் பகுதியின் வேலை.

முதலில் வழக்கமான அட்டவணை. தொகைகள் யாவும் லட்சத்தில்.

| விவரம் | திட்டம் | நடப்பு | லாபத்தில் விளைவு |
|---|---|---|---|
| விற்பனை | 200.00 | 209.00 | +9.00 |
| எஃகுத் தகடு | 80.00 | 97.02 | −17.02 |
| தொழிலாளர் கூலி | 30.00 | 37.50 | −7.50 |
| சரக்குக் கட்டணம் | 6.00 | 9.10 | −3.10 |
| விளம்பரம் | 12.00 | 7.00 | +5.00 |
| வாடகை, சம்பளம் முதலிய நிலையான செலவுகள் | 42.00 | 42.30 | −0.30 |
| லாபம் | 30.00 | 16.08 | −13.92 |

இந்த அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு விற்பனைத் துறை சாதித்துவிட்டது, உற்பத்தித் துறை செலவை இழுத்துவிட்டது என்றுதான் தோன்றும். சென்ற வாரக் கூட்டத்திலும் பேச்சு அந்தத் திசையில்தான் போனது. கணக்கை வரிவரியாகப் பார்க்காமல் நடந்த சம்பவங்களின் வழியாகப் பார்த்தால் முடிவு ஏறக்குறைய தலைகீழாகிறது.

மொத்த ஆர்டர்

10,000 நீர்வடிகட்டிகளை ஒன்று 2,000 வீதம் விற்பதாகத் திட்டம். விற்றதோ 11,000. ஆனால் அதில் வழக்கமான டீலர்கள் வாங்கியது 8,250 மட்டுமே. மீதி 2,750-ஐ ஒரே வாடிக்கையாளர் 1,600 வீதம் வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் 400 தள்ளுபடி. இந்த ஒரு ஆர்டர்தான் விற்பனை வரியைத் திட்டத்துக்கு மேல் தூக்கிப்பிடித்தது.

ஒரு வடிகட்டி செய்ய நாம் ஒதுக்கியிருப்பது: தகடு 800, கூலி 300, போக்குவரத்து 60, ஆக 1,160. 1,600-க்கு விற்றால் ஒன்றுக்கு 440 மிஞ்ச வேண்டும், 2,750-க்கு 12.1 லட்சம். ஆர்டரை ஏற்ற நாளில் கையில் இருந்த கணக்கு இதுதான். அந்த அளவில் அதில் பிழையில்லை.

பிழையானது விநியோகத் தேதி. முழுச் சரக்கும் காலாண்டின் கடைசி மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். அந்த ஒரு நிபந்தனை மூன்று செலவு வரிகளில் எதிரொலித்தது.

இருப்பில் இருந்த தகடு போதவில்லை. வழக்கமான சப்ளையரிடம் கேட்டால் மூன்று வாரம் ஆகும் என்பதால் 7,700 கிலோவை வெளியில் உடனடி விலைக்கு, கிலோவுக்கு 30 கூடுதலாகக் கொடுத்து வாங்கினோம்: 2.31 லட்சம். இரவு ஷிப்ட் தொடங்கினோம், ஓவர்டைம் 4.5 லட்சம். அந்த ஷிப்டில் பாதிப் பேர் புதியவர்கள். தகட்டை ஒரு விரல் அகலம் தள்ளி வைத்து வெட்டினால்கூட அந்தத் துண்டு கழிவுத் தொட்டிக்குத்தான் போகும். அப்படி அந்த மாதத்தில் இரவு ஷிப்டில் மட்டும் 1,600 கிலோ கூடுதல் கழிவு, 3.2 லட்சம். கடைசியாக, லாரி நிறையும்வரை காத்திருக்க நேரமில்லை. பாதி காலியாகவே லாரிகள் கிளம்பின. அதற்கு 2.5 லட்சம்.

கூட்டினால் 12.51 லட்சம். வர வேண்டியிருந்ததோ 12.1 லட்சம். ஆக, ஆலையே ஒரு மாதம் இரவு பகலாக ஓடி முடித்த ஆர்டரில் நாம் 41 ஆயிரம் இழந்திருக்கிறோம். தொகை சிறிதுதான். ஆனால் விற்பனை அட்டவணையில் இந்த ஆர்டர் 44 லட்சமாக நிற்கிறது, அதன் செலவு வேறு மூன்று வரிகளில், வேறு துறைகளின் பெயரில் கிடக்கிறது. அதனால்தான் உற்பத்தித் துறையின் ‘செலவு மீறல்’ என்ற சொல்லை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தகட்டுச் செலவு 17.02 லட்சம் கூடியதில் 8 லட்சம், திட்டத்தைவிட 1,000 வடிகட்டிகள் அதிகம் செய்ததால் வந்த இயல்பான செலவு. கூலியில் 3 லட்சமும் போக்குவரத்தில் 0.6 லட்சமும் அப்படியே. அதிகம் செய்தால் அதிகம் செலவாகும். அதில் யாரையும் கேள்வி கேட்க எதுவுமில்லை.

உண்மையான பள்ளம்

அப்படியானால் 13.92 லட்சம் எங்கே போனது? வழக்கமான விற்பனை 1,750 குறைந்ததில்தான். ஒவ்வொன்றிலும் 840 மிஞ்சியிருக்கும், 14.7 லட்சம். அட்டவணையில் இந்தத் தொகை எங்குமே தெரியாது. மொத்த ஆர்டர் அதை மூடி மறைத்துவிட்டது.

இந்த 1,750-இல் 450 வடிகட்டிகளுக்கு டீலர்களின் ஆர்டர் கையில் இருந்தது. இயந்திரங்கள் மொத்த ஆர்டருக்கு ஓடிக்கொண்டிருந்ததால் அனுப்ப முடியவில்லை. டீலர்கள் காத்திருந்தால் அந்த 3.78 லட்சம் அடுத்த காலாண்டில் வரும். ஆகவே அதை இழப்பாக எழுதவில்லை, தாமதமாகக் கருதுகிறேன். மீதி 1,300-க்கு ஆர்டரே வரவில்லை.

ஏன் வரவில்லை? விற்பனைத் துறை சொல்லும் காரணம், வணிகக் கண்காட்சி தள்ளிப்போனது. விளம்பரத்தில் ‘மிச்சமான’ 5 லட்சமும் அதே கண்காட்சிக்கு ஒதுக்கியதுதான். இரண்டும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாக இருக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் 1,300 முழுவதையும் அதன் தலையில் கட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. கண்காட்சி நடந்த பிறகு ஆர்டர்கள் திரும்பினால்தான் தெரியும். எப்படியானாலும் அந்த 5 லட்சத்தைச் சேமிப்பு என்று யாரும் கொண்டாட வேண்டாம். அடுத்த காலாண்டில் அது செலவாகப் போகிறது.

சிறியவை

காலாண்டின் தொடக்கத்திலிருந்தே வழக்கமான சப்ளையர் தகட்டு விலையைக் கிலோவுக்கு 5 உயர்த்திவிட்டார்: 2.31 லட்சம். இது மொத்த ஆர்டர் இல்லாவிட்டாலும் வந்திருக்கும், இனியும் வரும். வெட்டும் அச்சு தேய்ந்துபோனதால் பகல் ஷிப்டிலும் 600 கிலோ வீணானது, 1.2 லட்சம்; அச்சை மாற்றியாகிவிட்டது. நிலையான செலவுகளில் 0.3 லட்சம் கூடியது மின்கட்டணத்தால்.

அடுத்த காலாண்டு

அடுத்த காலாண்டுத் திட்டமும் 10,000 வடிகட்டிகள், 30 லட்சம் லாபம். அதிலிருந்து கண்காட்சிக்கு 5 லட்சமும், நீடிக்கும் தகட்டு விலை உயர்வுக்கு 2 லட்சமும் கழித்து, தேங்கிய 450 ஆர்டர்களின் 3.78 லட்சத்தைக் கூட்டினால் 26.78 லட்சம். டீலர்கள் திட்டமிட்டபடி வாங்கினால் மட்டுமே இந்த எண் நிற்கும். முதல் மாத முடிவில் டீலர் ஆர்டர்கள் 2,900-க்குக் கீழே இருந்தால் திருத்திய மதிப்பீட்டை அனுப்புவேன்.

இயக்குநர்களிடம் கோருவது ஒன்றே. 1,000 வடிகட்டிகளுக்கு மேற்பட்ட எந்த மொத்த ஆர்டரையும் ஏற்கும் முன், விநியோகத் தேதியோடு சேர்த்து அது உற்பத்தி, கொள்முதல், போக்குவரத்துத் துறைகளுக்குப் போக வேண்டும். மூவரும் தங்கள் கூடுதல் செலவை எழுதித் தந்த பிறகே விலை முடிவாக வேண்டும். இதே வாடிக்கையாளர் மீண்டும் 2,000 வடிகட்டிகள் கேட்டிருக்கிறார். பத்து வார அவகாசம் கிடைத்தால் 1,600-க்கே அது நமக்கு 8.8 லட்சம் தரக்கூடிய ஆர்டர், தகட்டு விலை உயர்வைக் கழித்தால் 8.4 லட்சம். அவகாசம் பேசி முடிக்கும்வரை விற்பனைத் துறை ஒப்புதல் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நிதித் துறைத் தலைவர்