மகனின் ஓதலும் படிப்பும்: ஹஸரத் அவர்களுக்கு ஒரு கடிதம்

வெலிமடை

கண்ணியத்துக்குரிய ஹஸரத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

உங்களிடம் ஹிப்ழு செய்யும், தரம் 10இல் படிக்கும் பிள்ளையின் உம்மா எழுதுகிறேன். அல்ஹம்துலில்லாஹ், 11 ஜுஸ்உ முடித்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் ஹாபிழ் ஆனதில்லை. அதனால் இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். பாடசாலை விட்டு வீட்டுக்கு வர இரண்டேகால் ஆகிறது. சாப்பிட்டதும் மத்ரஸாவுக்கு ஓடி, மஃரிபுக்குப் பிறகுதான் திரும்புகிறார். கணித வகுப்பு செவ்வாயும் வியாழனும், அதுவும் ஓதுகிற நேரத்தில்தான். இந்த மாதம் ஒரு நாள்தான் போனார். போன கிழமை இரவு பார்த்தேன், கணக்குக் கொப்பியில் தலை வைத்துத் தூங்குகிறார், பென்சில் கையிலேயே இருக்கிறது, உதடு மட்டும் மெல்ல அசைகிறது. மறுநாள் உங்களிடம் கொடுக்கவேண்டிய ஸபக்கை ஓதியிருக்கிறார். எழுப்ப மனம் வரவில்லை. போர்வையைப் போர்த்திவிட்டேன், இந்தக் குளிரில் கை விறைத்துப்போயிருந்தது.

அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை, ஒன்பது பாடம். இஸ்லாம் பாடம் அவருக்குப் பயமில்லை. கணிதமும் விஞ்ஞானமும்தான் இறங்கிக்கொண்டே போகின்றன. பாடசாலையை விட்டு முழுநேரமாக ஓதட்டும் என்று உறவுக்காரர் சிலர் சொல்கிறார்கள். வாப்பா கெப்பட்டிபொலவில் மரக்கறி மூட்டை ஏற்றுபவர், "நான் படிக்காததுதான் இந்த முதுகுவலி" என்கிறார். மகனிடம் கேட்டால் இரண்டும் வேண்டும் என்கிறார். ஆனால் உங்களிடம் சொல்ல வெட்கமும் பயமும்.

அவருக்கு இரண்டில் ஒன்றும் போகக்கூடாது என்பதுதான் என் ஆசை. அதனால் கேட்கிறேன். பரீட்சை முடியும் வரை புதிய ஸபக்கைப் பாதியாகக் குறைத்து, பழைய பாடத்தை மட்டும் விடாமல் கேட்க முடியுமா? அப்படிக் குறைத்தால் மனனம் செய்தது மறந்துபோகுமா, அல்லது அது தாங்குமா? செவ்வாய், வியாழன் அஸருக்குப் பதிலாக சுபஹுக்குப் பிறகு அரை மணி நேரம் ஓதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா? நான் எழுப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னொன்று. "ரப்பி ஸித்னீ இல்மா" என்று தினமும் ஓதுகிறோமே, அந்த இல்மில் இந்தக் கணக்கும் விஞ்ஞானமும் சேருமா? நான் சேரும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதை உங்கள் வாயால் அவருக்குச் சொல்லுங்கள். நான் சொன்னால் உம்மா சமாளிக்கிறா என்று நினைப்பார். நீங்கள் சொன்னால் வகுப்புக்குப் போகும்போது குற்ற உணர்வு இருக்காது.

வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா உங்களைச் சந்திக்க வருவார். அதற்குள் யோசித்து வையுங்கள். மகனுடைய தூக்கத்துக்கும் சேர்த்து துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் மாணவனின் உம்மா