வாய்மொழித் தேர்வுக் கேள்விகள்: பிசிஆர், பிளாட்டிங், எலைசா

தேர்வாளர் படி. ஒரு மாணவரிடம் மூன்று கேள்விகள் போதும். செய்முறையை ஒப்பிக்க விடாமல், காரணத்தைக் கேளுங்கள்.

1. பிசிஆரில் 95, 58, 72 டிகிரி செல்சியஸ் என்று வைத்திருக்கிறீர்கள். 58ஐ 48 ஆக்கினால் ஜெல்லில் என்ன தெரியும்?

95இல் இரு இழைகளும் பிரிகின்றன. 58இல் பிரைமர்கள் ஒட்டுகின்றன. 72இல் டாக் பாலிமரேஸ் இழையை நீட்டுகிறது. வெப்பநிலை குறைந்தால் பிரைமர் அரைகுறைப் பொருத்தமுள்ள இடங்களிலும் ஒட்டும். அதனால் தேவையற்ற பட்டைகள் வரும். "பிசிஆர் வேலை செய்யாது" என்று மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண்.

2. வார்ப்பு டிஎன்ஏ சேர்க்காத குழாயிலும் அதே அளவில் பட்டை வந்திருக்கிறது. மற்ற குழாய்களின் முடிவை ஏற்பீர்களா?

ஏற்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாவதால், ஒரே ஒரு மூலக்கூறு கலந்தாலும் 30 சுற்றில் கோட்பாட்டளவில் சுமார் 107 கோடி நகல்கள் ஆகிவிடும். கரைசல்களை மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும். பிரைமர்களே ஒன்றோடொன்று ஒட்டி வரும் சிறு பட்டை வேறு. அது ஜெல்லின் அடியில் நிற்கும்.

3. சதர்ன், நார்தர்ன், வெஸ்டர்ன்: எதில் எதைத் தேடுகிறோம்?

முறையே டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம். முதல் இரண்டில் புரோப், மூன்றாவதில் ஆன்டிபாடி. 1975இல் எட்வின் சதர்ன் விவரித்த முறைக்கு அவர் பெயர்; மற்றவை அதை வைத்து விளையாட்டாகச் சூட்டியவை. திசைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எளிய கேள்வி, தயங்குபவரைத் தொடங்கி வைக்க மட்டும்.

4. வெஸ்டர்ன் பிளாட்டில் மென்படலத்தைப் பால்பொடிக் கரைசலில் ஊறவைப்பது ஏன்? பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தேடும்போது பலர் பாலைத் தவிர்ப்பது ஏன்?

மென்படலம் எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். காலி இடங்களைப் பால்புரதம் அடைக்காவிட்டால் ஆன்டிபாடியே அங்கெல்லாம் ஒட்டி, படலம் முழுக்கக் கறுத்துவிடும். பாலிலுள்ள கேசீனிலும் பாஸ்பேட் இருக்கிறது. பாஸ்பேட்டைத் தேடும் ஆன்டிபாடி அதையும் பிடித்துப் பின்னணியைக் கூட்டலாம். இரண்டாம் பகுதிக்குச் சரியாகச் சொல்பவருக்கு முழு மதிப்பெண்ணும் தரலாம்.

5. சாண்ட்விச் எலைசாவில் நிறம் கூடினால் ஆன்டிஜன் கூடுதல். போட்டி எலைசாவில்?

தலைகீழ். மாதிரியிலுள்ள ஆன்டிஜனும் என்சைம் பூட்டிய ஆன்டிஜனும் ஒரே ஆன்டிபாடிக்குப் போட்டியிடுகின்றன. மாதிரியில் அதிகமிருந்தால் என்சைமுக்கு இடம் குறையும், நிறமும் வெளிறும்.

6. என்சைம் சேர்த்தபின் கழுவ மறந்தால்?

ஒட்டாத என்சைமும் குழியில் தங்கி டிஎம்பியை நீலமாக்கும். அமிலம் ஊற்றியதும் எல்லாக் குழிகளும் மஞ்சள். 450 நானோமீட்டரில் வெற்று மாதிரியும் உயர்ந்த அளவு காட்டும்.

7. (சிறந்தவர்களுக்கு) மாதிரியையும் என்சைம் ஆன்டிபாடியையும் ஒருசேர ஊற்றும் சாண்ட்விச் எலைசாவில், ஆன்டிஜன் மிக அதிகமான மாதிரி குறைவான அளவு காட்டுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஆன்டிஜன் மிகுந்ததால் தட்டிலுள்ள ஆன்டிபாடியும் என்சைம் ஆன்டிபாடியும் தனித்தனி மூலக்கூறுகளால் நிரம்பிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்பவை குறைவு. மாதிரியை நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி அளந்தால், அளவு குறைவதற்குப் பதில் ஏறும்.