கூட்டக் குறிப்பில் தீர்மானம் 3-ஐத் திருத்துவது தொடர்பாக

நாள்: 17.12.2025

அனுப்புநர்: செயலாளர், பெரிய கண்மாய் பாசன விவசாயிகள் சங்கம், சிவகங்கை மாவட்டம்.
பெறுநர்: தலைவர், மேற்படி சங்கம்.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

14.12.2025 ஞாயிறு நடந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை இணைச் செயலாளர் பதிவேட்டில் ஏற்றித் தந்திருக்கிறார். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. தீர்மானம் 3 மட்டும் கூட்டத்தில் முடிவானபடி இல்லை. பதிவேட்டில் இருப்பது இது:

"தெற்கு மடைத் தண்ணீரை மேல்பகுதி, நடுப்பகுதி, கடைப்பகுதி என்ற வரிசையில் பகுதிக்கு 3 நாள் வீதம் முறை வைத்துப் பாய்ச்சுவது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

போன வருஷக் குறிப்பைப் பார்த்து எழுதியதில் பழைய வரிசையே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கூட்டத்தில் நடந்தது வேறு. கடைமடையில் நடவு பிந்தியதால் பயிர் இப்போதுதான் பொதி கட்டுகிறது, வரப்போரம் வெடிப்பு விட்டுவிட்டது என்று அந்தப் பகுதி அம்மா ஒருவர் எழுந்து சொன்னார். அதன் பிறகு தாங்களே, "இந்தத் தடவை கடைசியிலிருந்து ஆரம்பிப்போம்" என்றீர்கள். அங்கேயே நான் எழுதிய கைக்குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. ஏகமனதாக என்பதும் சரியில்லை. மேல்பகுதி உறுப்பினர்கள் இருவர் ஒப்பவில்லை; அதைப் பதியவும் சொன்னார்கள். நமக்கு ஒத்துவராத கருத்தென்றாலும் கேட்டபடி பதிவாக வேண்டும்.

பதிவேட்டைப் பார்த்துத்தான் நீர்க்கட்டி மடை திறப்பார். இப்படியே விட்டால் 22-ஆம் தேதி தண்ணீர் முதலில் மேல்பகுதிக்குப் போய், கடைமடை 6 நாள் காத்திருக்க வேண்டிவரும். பொதி கட்டும் பயிர் அத்தனை நாள் காய்ந்தால் கதிர் பதராகிவிடும். அப்புறம் தண்ணீர் விட்டும் பிரயோஜனம் இல்லை.

ஆகவே தீர்மானம் 3-க்குப் பதிலாக இந்த வாசகத்தை வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்:

"தெற்கு மடைத் தண்ணீரை 22.12.2025 காலை 6 மணி முதல் கடைப்பகுதி, நடுப்பகுதி, மேல்பகுதி என்ற வரிசையில் பகுதிக்கு 3 நாள் வீதம் முறை வைத்துப் பாய்ச்சுவது எனப் பெரும்பான்மையாகத் தீர்மானிக்கப்பட்டது. மேல்பகுதி உறுப்பினர்கள் இருவர் இதற்கு ஒப்பவில்லை. இந்த வரிசை இந்த ஒரு முறைக்கு மட்டுமே பொருந்தும்."

கடைசி வரியும் கூட்டத்தில் பேசியதுதான். அது இருந்தால் மேல்பகுதியினர் மனம் ஆறும். அடுத்த முறைக்கு இதை யாரும் உரிமையாகக் காட்டவும் முடியாது.

பழைய வரிகளைச் சுரண்டவோ வெள்ளை மை பூசவோ வேண்டாம். படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, ஓரத்தில் தாங்கள் தேதியுடன் கையொப்பமிட்டால் போதும். 21-ஆம் தேதி கூட்டத்தில் முதல் பொருளாக இரண்டு வாசகங்களையும் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடலாம். அதுவரை இந்தக் குறிப்பின் நகல் நீர்வளத் துறை அலுவலகத்துக்குப் போகாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தங்களுக்குச் சம்மதமானால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அன்றே கூட்ட அறிவிப்பில் சேர்த்துவிடுகிறேன். கைக்குறிப்பின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
செயலாளர்