பாரிசவாத விடுதித் தாதி உத்தியோகத்தர் பதவிக்கான விண்ணப்பம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
14.03.2025

தாதியர் ஆட்சேர்ப்புக் குழு,
பாரிசவாத சிகிச்சைப் பிரிவு,
ஹரோ, லண்டன்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

விடுதியில் தமிழ் பேசும் முதியவர்கள் பலர் இருப்பதால், ஆங்கில விண்ணப்பத்துடன் தமிழிலும் ஒரு கடிதம் கேட்டிருந்தீர்கள். அதற்காக இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மூன்று வருட தாதியர் டிப்ளோமாவை 2016 இல் முடித்து, இலங்கை தாதியர் சபையில் பதிவு பெற்றேன். முதல் மூன்று வருடம் மலையகத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையின் பொது மருத்துவ விடுதியில் வேலை. 2019 இலிருந்து கொழும்பில் அரச போதனா வைத்தியசாலை ஒன்றின் நரம்பியல் விடுதியில் இருக்கிறேன். 28 கட்டில், இரவில் மூன்று மிஸிமார். பெயர், திகதி விபரங்கள் இணைத்துள்ள சேவைச் சான்றிதழில் உள்ளன.

குருதிக்கட்டி கரைக்கும் ஊசி போட்டவர்களின் குருதி அமுக்கத்தையும் நினைவு நிலையையும் கால்மணிக்கு ஒருதரம் பார்ப்பது, விழுங்கும் சோதனை, மூக்குக்குழாய் உணவு, படுக்கைப்புண் வராமல் திருப்பிக் கிடத்துவது எல்லாம் என் அன்றாட வேலை. விழுங்கும் சோதனை முடியும்வரை கட்டிலின் தலைமாட்டில் 'வாயால் எதுவும் வேண்டாம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கட்டுவேன். அப்படியும் பார்வையாளர் நேரத்தில் யாராவது பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றுவார்கள், ஆகவே அந்த ஒரு மணித்தியாலம் நான் மேசையில் இருப்பதில்லை. குருதிக்கட்டியைக் குழாய் வழியாக எடுக்கும் சிகிச்சைக்குப் பிந்திய பராமரிப்பில் எனக்கு அனுபவமில்லை. கணினியில் பதிவு எழுதியும் பழக்கமில்லை, எங்களுக்கு இன்னும் கட்டில் டிக்கெட்தான்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். 2020 இல் ஓர் இரவு, ஹட்டன் பக்கத்துப் பெரியவர் ஒருவரை ஒப்படைத்தபோது ஜீ.சீ.எஸ். தாளில் பேச்சுக்கு 4, அதாவது 'குழப்பம்' என்று இருந்தது. நானும் விடுதிப் பழக்கத்தில் இடம், மாதம் எல்லாம் சிங்களத்தில் கேட்டு, அதே 4 ஐ இரண்டு தரம் எழுதினேன். டிக்கெட்டில் அவருடைய தமிழ்ப் பெயர் தெளிவாக இருந்தது, பார்த்தும் யோசிக்கவில்லை. விடியற்காலை அவரே கேட்டார்: "புள்ள, பதுளை ரயில் போயிருச்சா? மகளுக்கு யாரு சொல்லுவா?" தமிழில் திரும்பக் கேட்டபோது இடம், நாள், மாதம் எல்லாம் சரியாகச் சொன்னார். 5! உடனே டாக்டரிடம் சொல்லி, என் பெயரும் நேரமும் போட்டுத் திருத்தினேன். அன்றிலிருந்து அனுமதிக்கும்போதே வீட்டில் பேசும் மொழியைக் கேட்டு டிக்கெட்டின் மேல் மூலையில் எழுதுகிறேன். பாரிசவாதத்துக்குப் பிறகு பின்னாளில் படித்த மொழி போய், தாய்மொழி மட்டும் மிஞ்சுவதுண்டு. முப்பது வருடம் லண்டனில் ஆங்கிலம் பேசிய ஒருவருக்கும் இது நடக்கலாம். உங்கள் விடுதிக்கு நான் பயன்படுவேன் என்று நினைப்பது முதலில் இதனால்தான்.

என்.எம்.சி. பதிவு: கணினித் தேர்வை (சீ.பீ.டி.) கடந்த நவம்பரில் கொழும்பிலேயே சித்தியடைந்தேன். ஓ.இ.டி.யில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் பீ. எழுத்தில் முதல் தடவை 280 எடுத்துத் தவறினேன். இந்த ஜனவரியில் 320. ஒஸ்கி செய்முறைத் தேர்வுக்கு அங்கு வந்துதான் தோற்ற முடியும். வேலை தொடங்கி 12 வாரத்துக்குள் முதல் தடவை தோற்ற வேண்டும் என்பது தெரியும். ஞாயிறுகளில் இரண்டு தோழியருடன் பத்து நிலையங்களையும் நேரம் வைத்துப் பழகுகிறேன். செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வதுதான் இன்னும் கூச்சமாக இருக்கிறது. என்.எம்.சி. இலக்கம் வரும்வரை பதிவற்ற தாதியாக, மேற்பார்வையின் கீழ் வேலை செய்யச் சம்மதம்.

கடவுச்சீட்டு 2031 வரை செல்லுபடியாகும். காசநோய்ச் சோதனைச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் இன்னும் எடுக்கவில்லை. பொலிஸ் நற்சான்றிதழுக்கும் உங்கள் கடிதம் வந்ததும் விண்ணப்பிப்பேன். அரச ஊழியர் வெளிநாடு செல்லச் சம்பளமற்ற விடுமுறை எடுக்கலாம், ஆனால் அதற்கும் வேலைக் கடிதம் கையில் வேண்டும். ஆகவே கடிதம் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம் தாருங்கள். முதலில் நான் தனியாக வருவேன். ஏழு வயது மகளும் கணவரும் ஒஸ்கி முடிந்தபின் வருவார்கள். அதுவரை மாமியார் அவர்களுடன் இருக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். முதல் மூன்று மாதத்துக்கு வைத்தியசாலை ஊழியர் தங்குமிடத்தில் ஓர் அறை கிடைக்குமா என்பதைத் தயவுசெய்து அறியத் தாருங்கள்.

நேர்முகத்துக்கு இலங்கை நேரம் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு எந்த நாளும் வசதி. இரவுக் கடமை முடிந்த நாளென்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ந. சுகந்தினி
தாதி உத்தியோகத்தர்

இணைப்பு: பதிவுச் சான்றிதழ், சேவைச் சான்றிதழ், ஓ.இ.டி. மற்றும் சீ.பீ.டி. பெறுபேறுகள், கடவுச்சீட்டுப் பிரதி