வாடகை வீட்டு வேலை: இரண்டு கொட்டேஷனும் வரிவரியாக

அக்கா,

இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று முதலாமவரின் மொத்தத் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டேன். அந்த அளவில் இரண்டாமவர் கேட்பது 121. நேற்று போனில் நீங்கள் சொன்னதுபோல, பார்த்தவுடன் முதலாமவர்தான் சரி என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அளவைப் பார்க்கும் வரை.

முதலில் பெயிண்ட். சதுர அடிக்கு முதலாமவர் கேட்கும் ரேட், இரண்டாமவரைவிடக் குறைவு. ஆனால் அவர் சுவரை அளக்கவே இல்லை. தரைப்பரப்பு 780 சதுர அடியை மூன்றரையால் பெருக்கி 2,730 என்று போட்டிருக்கிறார். இரண்டாமவர் டேப் பிடித்து, கதவு ஜன்னலைக் கழித்து 2,340 என்கிறார். நானும் ஞாயிற்றுக்கிழமை போய் அளந்தேன். எனக்கு 2,360 வந்தது. ரேட் குறைவு, அளவு அதிகம். கடைசியில் அவருக்கு 62 பங்கு, இவருக்கு 61.

அந்த 62-க்கு என்ன செய்வார் என்றால், "முழு பெயிண்டிங், நல்ல தரமான எமல்ஷன்" என்ற ஒரே வரிதான். எத்தனை கோட், பிரைமர் உண்டா, எந்த கிரேடு, எதுவும் இல்லை. இரண்டாமவர் உரிந்த இடத்தைச் சுரண்டுவது, விரிசலுக்கு மட்டும் பட்டி, பட்டி பார்த்த இடத்தில் பிரைமர், மேலே இரண்டு கோட், கழுவக்கூடிய எமல்ஷன் 40 லிட்டர் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார். ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு சுமார் 120 சதுர அடி என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 39 லிட்டர் வருகிறது. கணக்கு பொருந்துகிறது. வீடு முழுக்கப் பட்டி பார்க்கச் சொல்லாததும் நேர்மைதான். பழைய பெயிண்ட் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கிறது.

அடுத்தது ஓதம். குளியலறைக்குப் பின்னால் இருக்கும் படுக்கையறைச் சுவர் உப்பு பூத்திருக்கிறதே, அதற்கு முதலாமவர் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிக்க 6 பங்கு கேட்கிறார். தண்ணீர் வருவது அந்தப் பக்கம், இவர் அடிப்பது இந்தப் பக்கம். போன தடவை நாம் செய்ததும் இதேதான். எத்தனை மாதம் தாங்கியது என்று உங்களுக்கே தெரியும். இரண்டாமவர் குளியலறை டைல்ஸ் ஜாயிண்டைச் சுரண்டி மறுபடி அடைத்து, உப்புப் பிடித்த பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசி, காயவிட்டுக் கடைசியாகத்தான் பெயிண்ட் என்கிறார். அதற்கு 14. ஆனால் "பைப் கசிந்தால் தனி" என்று கீழே எழுதியிருக்கிறார். அதற்கு மட்டும் ஓர் உச்சவரம்பு எழுதி வாங்கவேண்டும்.

குளியலறைக் கதவு: அவர் 9, இவர் 13. முதலாமவர் பலகையை மட்டும் மாற்றுவார். நிலையின் அடிப்பாகமும் ஊறிப்போயிருக்கிறது, அதை அவர் பார்க்கவே இல்லை. இவர் பிவிசி கதவு, நிலை, கீல், தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்திருக்கிறார். குழாய்கள் இருவருக்கும் 7, உடைந்த தரை டைல்ஸும் 7. சுவிட்சுக்கு முதலாமவர் 9, இவர் 8. இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

குப்பை அள்ளுவது முதலாமவர் தாளில் இல்லை. இவருக்கு 3. அப்புறம் இவர் சமையலறை கப்போர்டுக்குப் பெயிண்ட் என்று 8 சேர்த்திருக்கிறார். நாம் கேட்கவே இல்லை, கப்போர்டும் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது சமப்படுத்தினால்: முதலாமவரின் 100-உடன் நிலைக்கு 4, ஓதத்துக்கு 8, குப்பைக்கு 3 சேர்த்து 115. வரி அதற்கு மேல் தனி. இரண்டாமவரின் 121-இல் கப்போர்டை எடுத்தால் 113, வரி உள்ளே.

முன்பணம்தான் என்னை முழுதாக இந்தப் பக்கம் சாய்த்தது. அவர் 60 சதவீதம் முதலிலேயே கேட்கிறார். இவர் 30, பாதி வேலையில் 40, சாவி கொடுக்கும்போது 30. மூன்று வருட கேரண்டி என்று அவர் வாயால் சொன்னார். இவர் ஒரு வருடம்தான், ஆனால் தாளில் இருக்கிறது.

இவரிடம் இருக்கும் குறை நாள்தான். அவர் 6 நாள், இவர் 10 நாள் வேலை, அந்த ஓதச் சுவர் காய இன்னும் இரண்டு வாரம். அந்த ஒரு அறைச் சுவருக்காக வீடு காலியாகக் கிடக்கவேண்டுமா என்று கேட்டேன். பூச்சு வேலையை முதல் நாளே முடித்துவிட்டு, அந்தச் சுவரை மட்டும் புதிதாகக் குடிவருபவரிடம் சொல்லிவைத்துப் பிறகு ஒரே நாளில் அடித்துத் தருகிறேன் என்றார். அதையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மிச்சமாகும் பெயிண்ட் டின்னை ஷேட் நம்பரோடு நம்மிடம் விட்டுப்போகவும் சொன்னேன்.

கப்போர்டை விட்டுவிட உங்களுக்குச் சம்மதமா? சரி என்றால் புதன்கிழமை திருத்திய தாளை வாங்கி 30 சதவீதம் கொடுத்துவிடுகிறேன். முதலாமவரிடம் வேண்டாம் என்பதையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.